காணாமல் போன 280 ரூபாய்

ஈரோட்டில் குழந்தைகள் துணிக்கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவருக்குச் சில வருடங்களுக்கு முன்பு ஒரு வாலட் செய்து கொடுத்தேன். கடையின் சொந்த வாலட். ஆயிரம் ரூபாய் முன்கூட்டியே போட்டு வைத்தால் நூறு ரூபாய் போனஸ் கிடைக்கும். வாங்கிய துணி அளவு சேரவில்லை என்று திருப்பிக் கொடுத்தால் அந்தப் பணம் வாலட்டில் ஏறிக்கொள்ளும், அடுத்த முறை கழித்துக்கொள்ளலாம். செய்வதற்கு அரை நாள்கூட ஆகவில்லை. வாடிக்கையாளர் விவரங்கள் இருக்கும் அட்டவணையில் `balance` என்று ஒரு கட்டத்தைச் சேர்த்தேன். பணம் வந்தால் அந்த எண்ணோடு கூட்டு, செலவானால் கழி. அவ்வளவுதான்.

ஏழெட்டு மாதம் ஓடியிருக்கும். ஒரு நாள் மதியம் நண்பர் என்னை அழைத்தார். பக்கத்தில் ஒரு பெண்மணி பேசிக்கொண்டிருந்தது போனில் தெளிவாகவே கேட்டது. "அண்ணா, என் வாலட்ல ஐநூத்தி நாப்பது இருக்கோணும். இருநூத்தி அறுவதுதான் காட்டுது. ஆயிரம் போட்டேன், நீங்க நூறு குடுத்தீங்க. மூணு கவுன் எடுத்தேன், ஒண்ணு எரநூத்தி எம்பது. அதுல ஒண்ணத் திருப்பிக் குடுத்தாச்சு. கணக்குப் போட்டுப் பாருங்க."

போட்டுப் பார்த்தேன். 1,100-இல் 840 போனால் 260. திரும்பி வந்த 280 சேர்ந்தால் 540. அவர் சொன்னது சரி. ஆனால் கணினி 260 என்கிறது. ஏன் 260 என்று அதைக் கேட்டால் அதனிடம் பதில் இல்லை. அதற்குத் தெரிந்ததெல்லாம் அந்த ஒரு எண்தான். அந்த எண் நேற்று என்னவாக இருந்தது, யார் மாற்றினார், எதற்காக மாற்றினார் என்று எதுவும் தெரியாது. வாடிக்கையாளர் தன் தலைக்குள் ஒழுங்காகக் கணக்கு எழுதி வைத்திருந்தார். கடை எழுதவில்லை. நான் செய்து கொடுத்த லட்சணம் அது.

நண்பர் 280 ரூபாயை உடனே ஏற்றிக் கொடுத்து அவரை அனுப்பிவிட்டார். எனக்குத்தான் இரண்டு நாள் தூக்கம் கெட்டது. சர்வரின் பழைய பதிவுகளைக் குடைந்து, திருப்பிக் கொடுத்த துணியின் ரசீதை வைத்துப் பார்த்தபோது நடந்தது புலப்பட்டது. அன்று காலை 11:40-க்குக் கடைப் பையன் ஒருவர் அந்தப் பெண்மணியின் முகவரியைத் திருத்த அவருடைய பக்கத்தைத் திறந்திருக்கிறார். அப்போது இருப்பு 260. 11:42-க்குப் பக்கத்து மேசையில் கவுன் திரும்பி வந்த கணக்கு ஏறி, இருப்பு 540 ஆகியிருக்கிறது. 11:45-க்கு முதல் பையன் முகவரியைத் திருத்தி முடித்து "சேமி" பொத்தானை அழுத்தியிருக்கிறார். என் நிரல் அந்தப் பக்கத்தில் இருந்த எல்லாக் கட்டங்களையும் சேர்த்துச் சேமித்தது. அதில் 11:40-க்கு அது படித்து வைத்திருந்த 260-உம் இருந்தது. முகவரி சரியானது, 280 ரூபாய் போனது.

இந்த வகைப் பிழைக்கு மென்பொருள் உலகில் 'தொலைந்த திருத்தம்' என்று பெயர். இருவர் ஒரே எண்ணைப் படித்துத் தனித்தனியே மாற்றி எழுதும்போது, பின்னால் எழுதியவர் முன்னால் எழுதியவருடைய வேலையைத் தெரியாமலே அழித்துவிடுகிறார். முகவரிப் பக்கத்தில் `balance` சேமிக்கப்படாமல் தடுத்திருந்தால் இந்தக் குறிப்பிட்ட ஓட்டை அடைபட்டிருக்கும், உண்மைதான். ஆனால் வேறு எந்தப் பக்கத்தில் எந்த ஓட்டை இருக்கிறது என்று எப்படித் தெரியும்? இருப்பை ஒரு கட்டத்தில் வைத்து மேலே மேலே எழுதும்வரை, அந்தக் கட்டத்தைத் தொடும் ஒவ்வொரு வரி நிரலையும் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும்.

மளிகைக்கடைக்காரர்கள் இதை இப்படிச் செய்வதில்லை. மாதக் கணக்கு வைத்திருக்கும் வீட்டுக்கு நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி, சாமான் வாங்கினால் ஒரு வரி, பணம் கொடுத்தால் ஒரு வரி என்று தேதி போட்டு எழுதிக்கொண்டே போவார்கள். பாக்கி எவ்வளவு என்று கேட்டால் அடிவரை கூட்டிச் சொல்வார்கள். பாக்கி என்பது அந்த வரிகளைக் கூட்டினால் கிடைக்கும் விடை மட்டுமே. வரிகள்தான் கணக்கு. பேரேடு என்பதன் சாரம் இதுதான், வாலட்டுக்கும் இதுவே போதும். அந்தப் பெண்மணியின் கணக்கை, எண் 1042 என்று வைத்துக்கொள்வோம், பேரேட்டில் எழுதினால் இப்படி இருக்கும்:

| நாள் | விவரம் | பற்று | வரவு | இருப்பு |
|---|---|---|---|---|
| மார்ச் 3 | யுபிஐ மூலம் போட்டது | | 1,000.00 | 1,000.00 |
| மார்ச் 3 | போனஸ் | | 100.00 | 1,100.00 |
| மார்ச் 9 | கவுன் 3, பில் 2217 | 840.00 | | 260.00 |
| மார்ச் 14 | கவுன் 1 திரும்பியது, பில் 2217 | | 280.00 | 540.00 |

கடைசி நெடுவரிசை படிப்பவர் வசதிக்காக. அதை எங்கும் சேமிக்க வேண்டியதில்லை. முகவரியைத் திருத்துபவர் எத்தனை முறை 'சேமி' அழுத்தினாலும் இந்த நான்கு வரிகளில் ஒன்றும் அசையாது. மேலே எழுதி அழிப்பதற்கு இங்கே இருப்பு என்ற எண்ணே இல்லை.

அட்டவணையில் ஒரு விஷயம் பலருக்கு உறுத்தும். பணம் போட்டதை வரவில் எழுதியிருக்கிறேன், சரி. வாங்கியதைப் பற்றில் எழுதியிருக்கிறேன். கடைக்கு விற்பனை ஆனது, அது ஏன் பற்று? நான் கணக்குப்பதிவியல் படித்தவனில்லை. இந்தக் குழப்பம் எனக்குத் தீர்ந்தது, பற்று என்ற சொல்லை அதன் நேர்ப் பொருளில் எடுத்துக்கொண்ட பிறகுதான். பற்றுதல் என்றால் பிடித்தல், எடுத்தல். நோட்டின் அந்தப் பக்கம் யாருடைய பெயரில் இருக்கிறதோ அவர் எடுத்துக்கொண்டது பற்று, அவரிடமிருந்து வந்தது வரவு. 1042-ஆம் பக்கம் வாடிக்கையாளருடையது. அவரிடமிருந்து ஆயிரம் வந்தது, வரவு. அவர் 840-க்குத் துணி எடுத்துக்கொண்டார், பற்று. கடைக்கு லாபமா நஷ்டமா என்ற கேள்வியே இந்தப் பக்கத்தில் எழாது.

வரவு பற்றைவிட அதிகமாக இருந்தால் என்ன பொருள்? அவரிடமிருந்து வந்தது அதிகம், அவர் எடுத்தது குறைவு. ஆகவே கடை அவருக்குத் தர வேண்டியிருக்கிறது. மளிகை நோட்டில் பெரும்பாலும் பற்று மிஞ்சும், வீட்டுக்காரர் கடைக்குப் பாக்கி. வாலட்டில் வரவு மிஞ்சும், கடை வீட்டுக்காரருக்குப் பாக்கி. அதே நோட்டுதான், கடன்காரர் மட்டும் இடம் மாறிவிட்டார். வங்கியிலிருந்து உங்கள் கணக்கில் பணம் 'கிரெடிட்' ஆனதாகக் குறுஞ்செய்தி வருகிறதே, அதுவும் இப்படித்தான். அது வங்கியின் நோட்டில் உங்கள் பெயர் போட்ட பக்கம். வங்கி உங்களுக்கு அவ்வளவு தர வேண்டும் என்பது அதன் பொருள். நீங்கள் உங்களுக்கென்று ஒரு நோட்டு எழுதினால் அதே தொகையை வங்கியின் பக்கத்தில் பற்றாக எழுதுவீர்கள்.

கடை வாலட்டின் இருப்பு கடையின் கடன் என்பது சொல் விளையாட்டல்ல. ஸ்டார்பக்ஸ் நிறுவனம் தன் அட்டைகளிலும் செயலியிலும் வாடிக்கையாளர்கள் போட்டு வைத்து இன்னும் செலவழிக்காத பணத்தை ஆண்டறிக்கையில் பொறுப்புகளின் கீழ்தான் காட்டுகிறது. 2023-ஆம் நிதியாண்டின் முடிவில் அது 150 கோடி டாலருக்கும் மேல். பொதுவாகக் காபி ஊற்றிக் கொடுக்கும்வரை அது அவர்களுடைய வருமானம் ஆகாது. ஈரோட்டுக் கடைக்கும் விதி அதுவே. ஆயிரம் ரூபாய் வங்கியில் வந்து விழுந்த அன்று கடை எதையும் விற்றுவிடவில்லை.

இங்கேதான் ஒற்றைப் பக்க நோட்டு போதாமல் போகிறது. வாடிக்கையாளருக்குப் பதில் சொல்ல அவர் பக்கம் போதும். ஆனால் அவரிடமிருந்து வந்த ஆயிரம் எங்கே போயிற்று, நாமாகக் கொடுத்த நூறு எங்கிருந்து வந்தது என்று கடைக்காரர் கேட்பார். இதற்கு மனிதர்கள் கண்ட வழி பழையது. இத்தாலியின் ஜெனோவா நகராட்சியில் 1340-இல் எழுதிய பேரேடுகளிலேயே அது முழுமையாக இருக்கிறது. 1494-இல் வெனிஸில் அச்சான தன் கணித நூலில் லூக்கா பாச்சோலி என்ற துறவி அதை விளக்கி எழுதினார். ஒவ்வொரு நிகழ்வையும் இரண்டு பக்கங்களில் எழுது, ஒன்றில் பற்று, மற்றொன்றில் அதே தொகைக்கு வரவு. இரட்டைப் பதிவு முறை என்று பள்ளிப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள்.

அந்த நான்கு வரிகளையும் அப்படி எழுதிப் பார்ப்போம். ஜிஎஸ்டியை இங்கே ஒதுக்கி வைக்கிறேன். ஆயிரம் ரூபாய் போட்டபோது வங்கிப் பக்கத்தில் பற்று 1,000, வாலட் 1042-இல் வரவு 1,000. போனஸ் கொடுத்தபோது விளம்பரச் செலவுப் பக்கத்தில் பற்று 100, வாலட்டில் வரவு 100. (இது செலவல்ல, தள்ளுபடி, விற்பனையில்தான் கழிக்க வேண்டும் என்று நண்பரின் ஆடிட்டர் வாதாடினார். அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. எப்படியானாலும் எதிர்ப்பக்கம் ஒன்று வேண்டும்.) துணி வாங்கியபோது வாலட்டில் பற்று 840, விற்பனையில் வரவு 840. ஒரு கவுன் திரும்பியபோது விற்பனைத் திருப்பம் என்ற பக்கத்தில் பற்று 280, வாலட்டில் வரவு 280.

இப்போது எல்லாப் பக்கங்களின் இருப்பையும் எடுத்து வையுங்கள். வங்கி 1,000, விளம்பரம் 100, விற்பனைத் திருப்பம் 280, இவை மூன்றும் பற்றில் நிற்பவை. மொத்தம் 1,380. விற்பனை 840, வாலட் 540, இவை வரவில் நிற்பவை. மொத்தம் அதே 1,380. கணக்குப்பதிவியலில் இதை இருப்பாய்வு என்பார்கள். என் பழைய வாலட்டில் நடந்த விபத்து இங்கே நடந்திருந்தால் வாலட் 260-இல் நின்றிருக்கும். பற்று 1,380, வரவு 1,100. வித்தியாசம் 280. அன்று இரவே அது கண்ணில் பட்டிருக்கும், வாடிக்கையாளர் கடைக்கு வந்து சண்டை போடும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. திருப்பப் பக்கத்தில் ஒரு 280 தன் துணையில்லாமல் தனியே நிற்பதையும் பார்த்திருப்போம்.

எண்களைப் பற்றி ஒரு சிறு விலகல். ரூபாயைப் புள்ளி வைத்த எண்ணாகக் கணினியில் சேமிக்காதீர்கள். கணினி பின்னங்களை இரண்டின் அடுக்குகளில் வைத்திருப்பதால் பத்தில் ஒன்று அதற்கு முழுசாகக் கிடைக்காது. பெரும்பாலான நிரல்மொழிகளில் `0.1 + 0.2` என்று கேட்டால் `0.30000000000000004` என்று வரும். 540 ரூபாயை 54000 பைசா என்று முழு எண்ணாக வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் பைசாவில் வைத்தாலும் ஒரு இடம் தடுக்கும். அது போனஸ்.

வாடிக்கையாளர் போட்ட ஆயிரமும் நாம் கொடுத்த நூறும் ஒரே மாதிரிப் பணமல்ல. போனஸுக்குக் காலாவதித் தேதி உண்டு, அவர் பணத்துக்கு இல்லை. கடையை மூடினால் ஆயிரத்தைத் திருப்பித் தர வேண்டியிருக்கும், போனஸை அப்படித் தர வேண்டியதில்லை. அதனால் 1042-க்கு உள்ளே இரண்டு பக்கங்கள் வேண்டும், பணம் ஒன்று, போனஸ் ஒன்று. செலவழிக்கும்போது முதலில் போனஸ் தீரட்டும் என்பது நண்பர் வைத்த விதி. காலாவதியாகிற பொருளை முதலில் சமைப்பதுபோல. ஆக அந்த 840-இல் போனஸிலிருந்து 100, பணத்திலிருந்து 740 போனது.

இப்போது ஒரு கவுன் திரும்பி வருகிறது. 280-ஐ எந்தப் பக்கத்தில் ஏற்றுவது? முழுவதையும் பணப் பக்கத்தில் ஏற்றினால் காலாவதியாக வேண்டிய போனஸ், துணியை எடுத்துத் திருப்பிக் கொடுத்தாலே நிரந்தரப் பணமாக மாறிவிடும். இதைக் கண்டுபிடித்துவிட்ட வாடிக்கையாளர் ஒருவர் எல்லாக் கடைக்கும் வாய்ப்பார். நூறையும் முதலில் போனஸில் ஏற்றினால் வாடிக்கையாளர் பணம் தேதி போட்ட போனஸாக மாறுகிறது, அது அவருக்கு அநியாயம். நியாயமான வழி, போன விகிதத்திலேயே திரும்பி வருவது. 840-இல் 100 போனஸ் என்றால் 280-இல் 33 ரூபாய் 33 பைசா போனஸுக்கு, மீதி 246 ரூபாய் 67 பைசா பணத்துக்கு.

மூன்று கவுன்களும் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தால்? மூன்று முறை 33.33 சேர்ந்தால் 99.99. மூன்று முறை 246.67 சேர்ந்தால் 740.01. மொத்தம் 840.00 சரியாகவே இருக்கும், இருப்பாய்வும் சரியாகவே இருக்கும். ஆனால் ஒரு பைசா போனஸிலிருந்து பணத்துக்குத் தாவியிருக்கும். இரட்டைப் பதிவின் எல்லை இது. இரு பக்கமும் சமம் என்று அது சொல்லும். சரியான பக்கத்தில்தான் எழுதினீர்களா என்று கேட்காது. ஒரு பைசாதானே என்று விட்டுவிடலாம்தான். ஆனால் போனஸ் கணக்குத் தீர்ந்துவிட்டதா என்று சோதிக்கும் நிரல் அந்த ஒரு பைசாவைப் பிடித்துக்கொண்டு தொங்கும். தீர்வு எளிது. விகிதத்தை ஒவ்வொரு முறையும் தனியாகக் கணக்கிடாமல், இதுவரை மொத்தம் எவ்வளவு திரும்பியிருக்க வேண்டும் என்று கணக்கிட்டு, ஏற்கனவே திருப்பியதை அதிலிருந்து கழிக்க வேண்டும். முதல் கவுனுக்கு 33.33. இரண்டு கவுனுக்கு மொத்தம் 66.67, அதில் 33.33 போக 33.34. மூன்றுக்கு மொத்தம் 100, அதில் 66.67 போக 33.33. பைசா எங்கும் தப்பாது. இதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. அந்த பில்லுக்கு முன்பு எவ்வளவு திருப்பினோம் என்பது தெரிய வேண்டும். பேரேட்டு வரியில் பில் எண்ணை எழுதி வைத்தது அதனால்தான்.

பேரேடு வைத்துவிட்டால் எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று நானும் நம்பினேன். ஒரே மாதத்தில் இரண்டு இடத்தில் அடி விழுந்தது.

முதல் அடி இரட்டை வரவு. வாடிக்கையாளர் யுபிஐயில் ஆயிரம் அனுப்பியதும் பேமென்ட் கேட்வே நம் சர்வருக்கு 'பணம் வந்தது' என்று ஒரு செய்தி அனுப்பும். நம் சர்வர் 'சரி' என்று பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதில் வழியில் தொலைந்தால், செய்தி போய்ச் சேரவில்லை என்று எண்ணி கேட்வே மறுபடியும் அனுப்பும். அது அதன் குற்றமல்ல, ஒரு முறையாவது சேர வேண்டும் என்பதற்காக அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். நாம்தான் இரண்டாவது செய்தியை அடையாளம் கண்டு ஒதுக்க வேண்டும். நான் செய்யவில்லை. ஒரே ஆயிரம் இரண்டு முறை வரவானது. வங்கிப் பக்கத்திலும் இரண்டு முறை பற்று எழுதியதால் இருப்பாய்வு குறை சொல்லவில்லை. உண்மையான வங்கி அறிக்கையோடு ஒப்பிட்டபோதுதான் தெரிந்தது.

மருந்து, ஒவ்வொரு வரிக்கும் அது எந்த நிகழ்வால் பிறந்ததோ அந்த நிகழ்வின் எண்ணை எழுதி, அதே பக்கத்தில் அதே எண் இரண்டாம் முறை வந்தால் தரவுத்தளமே ஏற்க மறுக்கும்படி செய்வது. யுபிஐக்கு கேட்வே தரும் பரிவர்த்தனை எண், திருப்பத்துக்கு திருப்பச் சீட்டின் எண். நிரல் 'முன்பே வந்ததா' என்று பார்த்துவிட்டு எழுதினால் போதாது. பார்ப்பதற்கும் எழுதுவதற்கும் நடுவே இன்னொரு செய்தி நுழைந்துவிடும். தரவுத்தளத்தின் `UNIQUE` விதிக்குத்தான் அந்த வேலையைக் கொடுக்க வேண்டும்.

இந்தப் பிழையில் நான் கவனித்த ஒன்று உண்டு. 280 ரூபாய் குறைந்தபோது அன்றே போன் வந்தது. ஆயிரம் ரூபாய் கூடிய யாரும் போன் செய்யவில்லை. கடைக்குப் புகார் வராததை வைத்துக் கணக்கு சரி என்று நினைத்தால், பாதிப் பிழைகளை மட்டும்தான் கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்று பொருள்.

இரண்டாவது அடி, ஒரே நேரத்தில் இரண்டு செலவு. 540 இருப்பில் அம்மா கடையில் நின்று 400-க்குச் சட்டை எடுக்கிறார். அதே நிமிடம் வீட்டிலிருந்து மகள் இணையதளத்தில் 400-க்கு இன்னொன்று எடுக்கிறாள். இரண்டு நிரல்களும் பேரேட்டைக் கூட்டிப் பார்க்கின்றன. இரண்டுக்கும் 540 கிடைக்கிறது. 400-க்குப் போதும் என்று இரண்டும் பற்று எழுதுகின்றன. இருப்பு, கழித்தல் 260. பழைய கட்டமாக இருந்திருந்தால் இந்தச் செலவுகளில் ஒன்று சத்தமில்லாமல் மறைந்திருக்கும். பேரேட்டில் இரண்டும் எழுதப்பட்டு, குட்டு வெளிப்படையாக நிற்கிறது. பேரேடு நடந்ததை மறைக்காது, ஆனால் நடப்பதைத் தடுக்காது. தடுக்க வேண்டுமானால் ஒருவர் கணக்குப் பார்க்கும்போது இன்னொருவர் காத்திருக்க வேண்டும்:

```sql
BEGIN;
SELECT id FROM wallets WHERE id = 1042 FOR UPDATE;
SELECT SUM(credit - debit) FROM entries WHERE wallet_id = 1042;
-- போதுமானால் மட்டும்: INSERT INTO entries ...
COMMIT;
```

`FOR UPDATE` என்பது கல்லாவுக்கு முன்னால் நிற்கும் ஆள். 1042-இன் வரிசையில் முதலில் வந்தவர் `COMMIT` சொல்லி வெளியேறும்வரை அடுத்தவரை உள்ளே விடமாட்டார். மற்ற வாலட்டுகள் தடையில்லாமல் ஓடும். மகளின் முறை வரும்போது கூட்டினால் 140-தான் இருக்கும், செலவு மறுக்கப்படும். செலவழிக்கும் எல்லா வழிகளும், கடைக் கல்லா, இணையதளம், செயலி மூன்றும், இந்த ஒரே வாசல் வழியே வர வேண்டும். ஒன்று மட்டும் பின்வாசல் வழியே வந்தாலும் பூட்டுக்குப் பயனில்லை.

ஒவ்வொரு முறையும் எல்லா வரிகளையும் கூட்டினால் மெதுவாகிவிடாதா என்று கேட்பார்கள். ஒரு துணிக்கடை வாடிக்கையாளருக்கு வருடத்துக்கு ஐம்பது வரி வந்தால் அதிகம். கணினிக்கு அது கண் சிமிட்டும் நேரம்கூட இல்லை. பெரிய கடைகள், நோட்டுப் பக்கம் தீர்ந்ததும் அடுத்த பக்கத்தின் உச்சியில் 'முன் இருப்பு' என்று எழுதித் தொடர்வதுபோல, ஒரு தேதிவரை கூட்டிய தொகையைத் தனியாக வைத்துக்கொண்டு அதற்குப் பிந்தைய வரிகளை மட்டும் கூட்டுவார்கள். அது நகல். அதுவும் வரிகளும் முரண்பட்டால் வரிகள் சொல்வதே சரி.

பிழை தெரிந்த பிறகு திருத்துவது எப்படி? இரண்டு முறை ஏறிய ஆயிரத்தை அழித்துவிடத்தான் கை பரபரக்கும். அழித்தால் நேற்று வாடிக்கையாளர் பார்த்த 2,000 இன்று காரணமில்லாமல் 1,000 ஆகும். நாம் மறுபடியும் அந்த முகவரிக் கதைக்கே வந்து சேர்வோம். அதனால் எதிர்வரி எழுத வேண்டும். வாலட்டில் பற்று 1,000, வங்கியில் வரவு 1,000, விவரம் 'இரு முறை ஏறிய தொகை நீக்கம்', கூடவே அந்தத் தவறான வரியின் எண். அழிக்கும் ஆசை எனக்கே வரக்கூடாது என்பதற்காக நிரலின் கையையே கட்டிவிட்டேன்:

```sql
REVOKE UPDATE, DELETE ON entries FROM app;
```

இதன் பிறகு அந்தப் பேரேட்டில் நிரலால் எழுத முடியும், படிக்க முடியும். திருத்தவோ அழிக்கவோ முடியாது.

இவ்வளவு செய்தும் கையால் எழுதும் வரிகள் சில இருந்தே தீரும். மின்சாரம் போன நாளில் காகிதத்தில் குறித்ததை மறுநாள் கல்லாவில் தட்டுவார்கள். அந்த வரிகளில் பழைய கணக்குப்பிள்ளைகளின் தந்திரம் இன்றும் செல்லும். வித்தியாசம் ஒன்பதால் மீதியின்றி வகுபட்டால் பக்கத்துப் பக்கத்து இலக்கங்களை இடம் மாற்றித் தட்டியிருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம். 540-ஐ 450 என்று தட்டினால் வித்தியாசம் 90. இலக்கம் ஒன்றை ஒரு இடம் தள்ளினால் அதன் மதிப்பு பத்து மடங்காகும், அல்லது பத்தில் ஒன்றாகும். அந்த மாற்றம் எப்போதும் ஒன்பதின் மடங்கு. வித்தியாசத்தைப் பாதியாக்கி, அந்தப் பாதித் தொகைக்கு ஒரு வரி கிடைத்தால், அதைப் பற்றுக்குப் பதில் வரவில் எழுதியிருக்கலாம். நண்பர் கடையில் ஒரு முறை 560 இடித்தது. 280 ரூபாய்த் திருப்பம் ஒன்றை எதிர்ப்பக்கத்தில் தட்டியிருந்தார்கள். கவுன் விலை என்பதால் அது கண்ணில் பட்டது.

பழைய கட்டத்திலிருந்து பேரேட்டுக்கு மாறிய நாளைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வாலட்டுக்கும் அன்று கட்டத்தில் இருந்த எண்ணைத் தொடக்க இருப்பு என்று ஒரு வரவு வரியாக எழுதினோம். இரட்டைப் பதிவு எதிர்ப்பக்கம் கேட்டது. அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று ஒவ்வொன்றுக்கும் ஆதாரம் நம்மிடம் இல்லையே. இப்படிப்பட்ட தொகைக்குக் கணக்குப்பதிவியலில் ஒரு பக்கம் உண்டு, அனாமத்துக் கணக்கு. எதில் சேர்ப்பது என்று தெரியாததை, தெரியும்வரை அதில் நிறுத்தி வைப்பார்கள். எல்லா வாலட்டின் எதிர்ப்பக்கத்தையும் அங்கே பற்றில் எழுதினோம். மொத்தம் நான்கு லட்சத்துச் சொச்சம். நண்பர் அந்த எண்ணைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. "இவ்ளோ நான் குடுக்கோணுமா?" என்றார். அதில் பெரும்பகுதியைக் கொண்டு கடைக்குப் புது ரேக் போட்டிருந்தார், தன் பணம் என்று நினைத்துக்கொண்டு.

பிறகு பழைய ரசீதுகள், கேட்வே அறிக்கைகள், திருப்பச் சீட்டுகள் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு இரண்டு வாரம் உட்கார்ந்தோம். ஆதாரம் கிடைத்த ஒவ்வொரு தொகையையும் அனாமத்திலிருந்து எடுத்து வங்கிக்கோ விற்பனைத் திருப்பத்துக்கோ விளம்பரத்துக்கோ மாற்றினோம். 1042-உம் வந்தது, நண்பர் அன்று கையால் ஏற்றிக் கொடுத்த 280-க்கு முகவரி திருத்திய கதையே ஆதாரம். கடைசியில் 3,140 ரூபாய் மிஞ்சியது. எந்த ரசீதோடும் அது பொருந்தவில்லை, ஒன்பதாலும் வகுபடவில்லை. அது இன்னும் அனாமத்தில்தான் நிற்கிறது.